வாடகை வீட்டு வாசலில் கேமரா: ஓனருக்கு எழுதும் அனுமதிக் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓனரிடம் வாயால் கேட்டாலே "போட்டுக்கோப்பா" என்று சொல்லிடுவார். கடிதம் எதுக்கு?

சொல்லிவிடுவார், அதில் சந்தேகமில்லை. சிக்கல் பிறகு வரும். அவர் தலையாட்டும்போது மனதில் நினைத்தது கதவுக்கு மேலே ஒரு சின்ன உருண்டை. நீங்கள் வாங்கி வந்தது சுவரிலிருந்து அரை அடி நீட்டிக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கேமரா. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வரும் மகன் "இது என்னப்பா, நம்ம வீட்டையே படம் பிடிக்குது?" என்று கேட்டதும், ஓனருக்குத் தான் எதற்குச் சம்மதித்தோம் என்பதே மறந்துபோகும். பிறகு கழற்றச் சொல்வார்கள். துளை போட்ட சுவருக்கு அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

இன்னொரு காரணம் வாடகை ஒப்பந்தம். வேலூர்ப் பக்கம் டைப் அடித்துத் தரும் ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில், உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடத்தில் மாற்றம் செய்யக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்றே இருக்கும். அந்த வரி கேட்பது எழுத்தைத்தான். ஒரு பக்கக் கடிதமும் அதன் அடியில் ஓனரின் கையெழுத்தும் இருந்தால் போதும். முத்திரைத்தாளோ நோட்டரியோ தேவையில்லை.

கடிதத்தை யார் பேருக்கு எழுதணும்? வாடகை வாங்குறது ஒருத்தர், வீடு இன்னொருத்தர் பேர்ல இருக்கு.

ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. வீடு அம்மா பெயரில் இருந்து மகன் வாடகை வாங்கினால், கடிதம் அம்மா பெயருக்குத்தான். மகனிடம் முதலில் பேசிவிட்டு, அவர் மூலமாகவே கையெழுத்து வாங்குவது மரியாதை. வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கரின் சம்மதத்துக்கு இதில் மதிப்பு கிடையாது. அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான வீடாக இருந்து, ஒப்பந்தத்தில் இரண்டு பெயர் இருந்தால் இருவரிடமும் வாங்கிவிடுங்கள்.

எழுத உட்காருவதற்கு முன்னாடி என்னென்ன முடிவு பண்ணி வெச்சுக்கணும்?

எங்கே மாட்டுவது, கரண்ட் எங்கிருந்து, ஒயர் எந்த வழி, படத்தில் என்னென்ன தெரியும். இந்த நான்கும் முடிவாகாமல் எழுதினால், "கேமரா வைக்க அனுமதி வேண்டும்" என்ற ஒற்றை வரிக்கு மேல் எழுத விஷயம் இருக்காது. ஓனரை யோசிக்க வைப்பதே அந்த ஒற்றை வரிதான்.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். காட்பாடி காந்தி நகரில் ஒரு வீடு. கீழே நீங்கள், மாடியில் ஓனர் குடும்பம், இருவருக்கும் ஒரே கேட். கேட்டிலிருந்து உங்கள் தலைவாசல் 12 அடி. வெளியே பார்த்து நின்றால் வாசலுக்கு இடது கைப்பக்கம் 5 அடி தள்ளி மாடிப்படி தொடங்குகிறது. கதவுக்கு மேலே சன்ஷேட். சிட் அவுட்டில் ஒரு பல்பு, அதன் கீழே ஒரு பிளக் பாயிண்ட்.

கேமராவுக்கு நல்ல இடம் சன்ஷேடுக்கு அடியில், கதவு நிலைக்கு வலப்பக்கம், தரையிலிருந்து எட்டரை அடி. இதைவிட மேலே போனால் வருகிறவரின் தலைமுடிதான் பதிவாகும், முகம் பதிவாகாது. கீழே இறக்கினால் கைக்கு எட்டும், திருப்பிவிடுவார்கள். சன்ஷேடின் அடியில் இருந்தால் மழையும் நேர்வெயிலும் படாது. மேற்குப் பார்த்த வாசலாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சூரியன் நேராக லென்ஸில் அடித்தால், வந்து நிற்பவர் வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். கேமராவின் மூக்கைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, வானம் படத்துக்குள் வராதபடி வைத்தால் இது பெரும்பாலும் சரியாகும். இப்படித் தாழ்த்துவது ஓனரின் வேறொரு கவலையையும் தீர்க்கும். அதைக் கீழே சொல்கிறோம்.

அடுத்து கரண்ட். சிட் அவுட் பிளக் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதில் செருகிவிடாதீர்கள். அது யார் மீட்டரில் ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் அது ஓனர் மீட்டர். கேட் விளக்கு, படிக்கட்டு விளக்கு, மோட்டார் எல்லாம் ஒரே லைனில் இழுத்த வீடுகள் இங்கே நிறைய. பிளக் உங்கள் மீட்டரிலேயே இருந்தாலும், சில வீடுகளில் அதை பல்பு சுவிட்சோடு சேர்த்து இணைத்திருப்பார்கள். காலையில் யாராவது விளக்கை அணைத்தால் கேமராவும் அணைந்துவிடும், சாயங்காலம் வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் அடாப்டர் உங்கள் ஹாலுக்குள் இருக்கட்டும், ஒயர் மட்டும் வெளியே போகட்டும்.

அந்த ஒயருக்கு வழி தேடும்போது முதலில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளைப் பாருங்கள். கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டர், ஜன்னல் நிலையின் மூலை, முன்பு கேபிள் டிவிக்குப் போட்ட துளை, இவற்றில் ஒன்று அநேகமாகக் கிடைக்கும். கிடைத்துவிட்டால் "சுவரில் ஊடுதுளை எதுவும் போடமாட்டேன்" என்று கடிதத்தில் எழுதலாம். ஓனர் காதில் அதைவிட இனிமையான வரி விழாது. ஊடுதுளை போட்டே ஆக வேண்டும் என்றால் அளவைச் சொல்லிவிடுங்கள். அடாப்டர் ஒயரின் முனை மெல்லியது, 10 மி.மீ. போதும். நெட்ஒர்க் கேபிள் என்றால் அதன் பிளக்கே ஏறக்குறைய 12 மி.மீ. அகலம். 14 மி.மீ. துளை வேண்டும், அல்லது கேபிளை நுழைத்த பிறகு பிளக்கை அடிக்க வேண்டும். எந்தத் துளையும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்தால் ஐப்பசி மழையில் ஒயர் வழியாகவே தண்ணீர் ஹாலுக்குள் வந்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கும்.

கடைசியாக வைஃபை. கேமரா வரப்போகும் இடத்தில், கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் ஏறி, போனில் ஒரு வீடியோ ஓட விட்டுப் பாருங்கள். பழைய வீடுகளின் தடித்த சுவரைத் தாண்டி சிக்னல் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். அனுமதி வாங்கிய பிறகு தெரிந்தால், கேபிள் இழுக்க மறுபடியும் போய் நிற்க வேண்டியிருக்கும். இரண்டாவது தடவை கேட்பது கஷ்டம்.

ஓனர் மாடியிலேயே இருக்காங்க. "நாங்க வர்றதையும் போறதையும் வேவு பார்க்கறியா"ன்னு கேட்டா என்ன சொல்றது?

நியாயமான கேள்வி. கடிதத்தின் உயிரே இதற்கான பதிலில்தான் இருக்கிறது. துளையைப் பற்றிய கவலையை ஐநூறு ரூபாயில் தீர்த்துவிடலாம். தன் வீட்டுப் பெண்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் அவர்களைப் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் குடித்தனக்காரர் போனில் பதிவாகும் என்ற கவலையை அப்படித் தீர்க்க முடியாது. வாயால் "அதெல்லாம் பார்க்கமாட்டோம் சார்" என்று சொல்வதில் பயனில்லை. என்ன தெரியும், என்ன தெரியாது என்று கண்ணால் காட்ட வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழி. கேமரா வரப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில் போனைப் பிடித்து ஒரு படம் எடுங்கள். போனின் சாதாரண லென்ஸ் குறுகலானது. வாசல் கேமராக்களில் பொதுவாக வரும் 2.8 மி.மீ. லென்ஸ் அதைவிட நிறைய அகலமாகப் பார்க்கும். அதனால் போனில் 0.5x வைத்து எடுத்தால்தான் கேமரா பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். சாதாரண லென்ஸில் எடுத்துக் காட்டிவிட்டு, கேமரா மாட்டிய பிறகு மாடிப்படியும் தெரிந்தால், நீங்கள் ஏமாற்றியதாகவே நினைப்பார்கள்.

நம் காந்தி நகர் வீட்டில் அந்தப் படத்தை எடுத்தால் மூன்று விஷயங்கள் தெரியும்: நடுவில் சிட் அவுட்டும் கேட்டும், இடது ஓரத்தில் மாடிப்படியின் முதல் நாலு படி, மேலே கேட்டைத் தாண்டி எதிர்வீட்டு வாசல். இந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு, படிக்கட்டையும் எதிர்வீட்டையும் பேனாவால் அடித்துக் கறுப்பாக்குங்கள். அதைக் கடிதத்தோடு பின் பண்ணிக் கொடுங்கள். "கறுப்பாக்கிய இடங்கள் பதிவில் வராது" என்ற வரிக்கு அப்போதுதான் அர்த்தம் வரும்.

அதை நிறைவேற்ற இரண்டு வழி உண்டு. பல கேமராக்களின் செயலியில் Privacy Mask அல்லது Privacy Zone என்று ஒரு வசதி இருக்கும். அதில் கட்டம் வரைந்தால் அந்த இடம் கறுப்பாகவே பதிவாகும். வாங்கும் முன் கடைக்காரரிடம் அந்த வசதி இருக்கிறதா என்று போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். விலை குறைந்தவற்றில் இல்லாமலும் இருக்கும். Detection Zone என்று வேறொன்று இருக்கும், அதை இதுவென்று நினைத்துவிடாதீர்கள். அது எங்கே அசைந்தால் போனுக்கு அலர்ட் வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். படம் முழுதும் பதிவாகிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது வழி கேமராவையே வலப்பக்கம் திருப்பி, கீழே தாழ்த்தி வைப்பது. முடிந்தவரை இதையே செய்யுங்கள். செயலியில் போட்ட கட்டத்தை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று ஓனர் மகனுக்குத் தெரியும். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கீழே நின்று பார்க்கும் யாருக்கும் தெரியும். இதே காரணத்துக்காகத்தான் தலை சுழலும் கேமரா வாசலுக்கு வேண்டாம் என்கிறோம். விலை ஒன்றுதான், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது இன்றைக்கு எங்கே பார்க்கிறது என்று மாடியிலிருப்பவர் தினமும் யோசிக்க வேண்டியிருக்கும். அசையாத கேமரா வாங்குங்கள், கடிதத்திலும் "அசையாதது" என்றே எழுதுங்கள். லென்ஸின் ஓரத்தில் டேப் ஒட்டி மறைக்கும் வேலை மட்டும் வேண்டாம். ராத்திரி இன்ஃப்ராரெட் வெளிச்சம் டேப்பில் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெள்ளையாக மூடிக்கொள்ளும்.

சத்தம் இன்னொன்று. பெரும்பாலான கேமராக்களில் மைக் இருக்கும். படியில் நின்று ஓனரம்மா பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதெல்லாம் பதிவானால் அது கேமரா இல்லை, ஒட்டுக்கேட்பு. செட்டிங்கில் Audio அல்லது Microphone என்பதை அணைத்துவிட்டு, அணைத்திருப்பதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். ஓனர் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். கேட்பதற்கு முன் நீங்களே சொல்வதில்தான் நம்பிக்கை வருகிறது.

சரி, மாதிரிக் கடிதம் ஒண்ணு கொடுங்க.

மேலே பார்த்த வீட்டுக்கு எழுதியது. அளவுகளை உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(உங்கள் பெயர்),
கீழ்த்தளம், (கதவு எண், தெரு),
காந்தி நகர், காட்பாடி, வேலூர்.

பெறுநர்
திரு. / திருமதி (ஒப்பந்தத்தில் உள்ளபடி உரிமையாளர் பெயர்),
முதல் தளம், மேற்படி முகவரி.

நாள்:

பொருள்: தலைவாசலில் ஒரு கண்காணிப்புக் கேமரா பொருத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் (மாதம், ஆண்டு) முதல் வாடகைக்குக் குடியிருந்து வருகிறோம். பகலில் நானும் என் மனைவியும் வேலைக்குச் சென்றுவிடுவதால், அம்மா தனியாக இருக்கிறார். வாசலில் வந்து நிற்பவர் யார் என்று கதவைத் திறக்காமலே அவர் தெரிந்துகொள்ளவும், சிட் அவுட்டில் நிறுத்தும் இரு சக்கர வாகனத்தின் பாதுகாப்புக்காகவும் ஒரு கேமரா பொருத்த விரும்புகிறோம்.

சன்ஷேடின் அடியில், கதவு நிலைக்கு வலப்பக்கம், தரையிலிருந்து எட்டரை அடி உயரத்தில், உள்ளங்கை அளவுள்ள அசையாத கேமரா ஒன்று மட்டும் பொருத்தப்படும். இதற்காக 6 மி.மீ. அகலமும் 30 மி.மீ. ஆழமும் உள்ள மூன்று துளைகள் போட வேண்டியிருக்கும். ஒயர் ஏற்கெனவே உள்ள வென்டிலேட்டர் வழியாக வரும். சுவரில் ஊடுதுளை போடப்படாது. மின்சாரம் எங்கள் மீட்டரிலிருந்தே எடுக்கப்படும்.

கேமராவில் எங்கள் வாசலும் சிட் அவுட்டும் கேட்டின் உள்பக்கமும் மட்டுமே தெரியும். மாடிப்படியும் எதிர்வீடும் பதிவாகாது. சத்தம் பதிவாகாது. இணைத்துள்ள படத்தில் கறுப்பாக்கியுள்ள பகுதிகள் தெரியாதவை. பொருத்திய அன்றே தாங்கள் வந்து படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டின் வழியே தாங்களும் வந்து செல்வது பதிவாகும் என்பதால், பதிவுகள் பத்து நாளில் தானாக அழியும்படி வைக்கப்படும். எங்கள் குடும்பத்தார் தவிர வேறு யாருடனும் பகிரப்படமாட்டாது.

வீட்டைக் காலி செய்யும்போது கேமராவைக் கழற்றி, துளைகளை அடைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கேமரா எங்கள் பொருளாகவே இருக்கும்.

தங்கள் சம்மதத்தை இக்கடிதத்தின் நகலில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: வாசலின் படம் – 1

உரிமையாளர் சம்மதம்: மேற்கண்ட விவரப்படி கேமரா பொருத்திக்கொள்ள எனக்குச் சம்மதம்.
(கையொப்பம், நாள்)

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அவருக்கு, கையெழுத்துப் போட்டது உங்களுக்கு. கையெழுத்தான பிரதியை வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்வது நல்லது.

காரணம் எழுதும்போது ஒன்றில் கவனம். "இந்தத் தெருவில் திருட்டு பயம்", "நம் காம்பவுண்டுக்குள் கண்டவர்களும் வருகிறார்கள்" என்று எழுதினால், ஓனர் அதைத் தன் வீட்டின் மீதான குறையாகவே படிப்பார். உங்கள் வீட்டு நிலையைச் சொல்லிக் கேட்பது போதும். அதே போல, போன மாதம் செருப்பு காணாமல் போனது என்பதற்காக மாடி வீட்டு வேலைக்காரரைக் கைகாட்டும் தொனி எங்கேயும் வந்துவிடக்கூடாது.

பத்து நாளில் அழியும்னு எழுதியிருக்கீங்க. அது எப்படிக் கணக்கு?

1080p கேமரா நொடிக்கு சுமார் 1 மெகாபிட் வேகத்தில் பதிவுசெய்தால் ஒரு நாளைக்கு 11 ஜிபி போல ஆகும். 128 ஜிபி மெமரி கார்டு பத்து, பதினோரு நாளில் நிறைந்து, பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு என்று வைத்தால் அதே கார்டில் பல வாரம் நிற்கும். அப்போது கடிதத்தில் "பத்து நாள்" என்று எழுதியது பொய்யாகிவிடும். ஒன்று, முழு நேரப் பதிவு வையுங்கள். இல்லையென்றால் நாள் கணக்கை எழுதாமல், "கார்டு நிறைந்ததும் பழையவை அழியும்" என்று எழுதுங்கள்.

கரண்ட் பில்லைப் பத்தி ஓனர் கேட்டா?

வாசல் கேமரா ஒன்று சுமார் 5 வாட். நாள் முழுக்க ஓடினால் மாதம் 3.6 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு ஏழு யூனிட் சொச்சம். உங்கள் மீட்டரில் ஓடினால் பேச்சே இல்லை. ஓனர் மீட்டரிலிருந்துதான் எடுக்க முடியும் என்றால், இந்தக் கணக்கைக் கடிதத்திலேயே எழுதி, பில்லுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே சொன்னாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் யூனிட் கணக்குப் பார்ப்பதற்கு அது மேல்.

"எனக்கும் என் போன்ல தெரியற மாதிரி பண்ணிக் கொடு"ன்னு ஓனர் சொல்றார். கொடுக்கலாமா?

இது உங்கள் விருப்பம், கடமை இல்லை. உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் கிடையாது. மாடியில் நீங்கள் பார்க்கக்கூடாது என்று அவர் நினைப்பதற்கு எவ்வளவு நியாயம் இருக்கிறதோ, அவ்வளவு நியாயம் இதிலும் இருக்கிறது. கேட் பொதுவானது என்பதால் அவர் கேட்பதும் தவறில்லை. கொடுப்பதாக இருந்தால் செயலியில் Share வழியாக, நேரடிக் காட்சி மட்டும் பார்க்கும்படி கொடுங்கள். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் பழைய பதிவுகளைப் பார்க்கவும் அழிக்கவும் அவரால் முடியும், செட்டிங்கையும் மாற்றலாம். நடுவழி ஒன்று உண்டு: "கேட்டில் ஏதாவது நடந்தால், நாளும் நேரமும் சொன்னால் அந்தத் துண்டை எடுத்துக் கொடுக்கிறோம்" என்று கடிதத்தில் ஒரு வரி. நிறையப் பேருக்கு அதுவே போதும்.

கடிதம் கொடுத்து ரெண்டு வாரம் ஆச்சு, "பார்க்கலாம்"ங்கறாங்க.

பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாட்டிவிடாதீர்கள். "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் வீட்டில் வேறு யாரோ ஒத்துக்கொள்ளவில்லை. அது யார் என்று தெரிந்துகொண்டு, அவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஓனர் வெளிநாட்டில் இருந்தால் கடிதத்தையும் படத்தையும் வாட்ஸாப்பில் அனுப்பி, "கடிதத்தில் உள்ளபடி போட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதச் சொல்லுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டு விட்டுவிட்டால், எதற்குப் போட்டார் என்று பிறகு கேள்வி வரும். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரிய வைத்திருங்கள்.

முடியவே முடியாதுன்னுட்டாங்க. வேற வழி இருக்கா?

எதற்கு முடியாது என்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சுவருக்காக என்றால் துளையில்லாமல் மாட்டலாம். கிரில் கேட் இருந்தால் அதன் கம்பியில் கிளாம்ப் வைத்து இறுக்கலாம். ஆனால் கதவை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் படம் குலுங்கி, அசைவு என்று அலர்ட் வந்துகொண்டே இருக்கும். அதனால் ஆடாத நிலைக்கம்பியில் மாட்டுங்கள், திறந்து மூடும் பாகத்தில் வேண்டாம். இரண்டு பக்க டேப் நம்பிக்கையானதில்லை. கத்திரி வெயிலில் சுவர் காயும்போது பசை இளகும், சுண்ணாம்பு அடித்த சுவரில் என்றால் சுண்ணாம்போடு உரிந்து வரும்.

படம் பிடிப்பதே பிடிக்கவில்லை என்றால், பொது இடத்தில் எதுவும் மாட்டாமல் உங்கள் கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவில் ஏற்கெனவே எட்டிப் பார்க்கும் கண்ணாடித் துளை இருந்தால், அதே துளையில் பொருந்தும் கேமரா கிடைக்கிறது. கதவுக்கு முன்னால் நிற்பவரைத்தான் அது காட்டும். கதவின் தடிமனை அளந்துகொண்டு வாங்குங்கள், பழைய தேக்குக் கதவுகளுக்குச் சில மாடல்களின் திருகு நீளம் போதாது. ஹாலுக்குள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைக்கவும் செய்யலாம். பகலில் நன்றாகத் தெரியும், ராத்திரி அதன் சொந்த வெளிச்சமே கண்ணாடியில் பட்டு எதிரே வந்து கண்ணைக் கட்டிவிடும். அதற்கு இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு சிட் அவுட் பல்பை எரிய விட வேண்டும்.

இதுல சட்டம் ஏதாவது குறுக்கே வருமா?

தன் வீட்டு வாசலைத் தன் தேவைக்குப் பதிவுசெய்வதற்கு உரிமம் எதுவும் வேண்டாம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தன் வீட்டுத் தேவைக்குச் செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. அதே பதிவைத் தெரு வாட்ஸாப் குழுவில் "இந்த ஆள் யார்?" என்று போட்டால் அது வீட்டுத் தேவையா என்ற கேள்வி வரும். குளியலறை ஜன்னல், படுக்கையறை போன்ற இடங்களில் ஒருவரின் அந்தரங்கம் படமானால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. எதிர்வீட்டு ஜன்னல் படத்துக்குள் வருகிறதா என்று ராத்திரியில், அவர்கள் வீட்டில் விளக்கு எரியும்போது ஒரு தடவை பாருங்கள். பகலில் இருட்டாகத் தெரிந்த ஜன்னல் அப்போது உள்ளே வரை தெரியும்.

ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்குள் வந்த ஒரு வழக்கில், உடன் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்கக்கூடாது என்று 2025-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அது வீட்டுக்குள் வைத்த கேமரா, கூட்டுடைமைக்காரர்களின் சண்டை. உங்கள் வாசலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பொதுப் படிக்கட்டைப் படத்திலிருந்து விலக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பிடிக்காம இருக்க என்ன செய்யணும்?

மாட்டுவதற்கு முன் அந்தச் சுவரை ஒரு போட்டோ, மாட்டிய பின் ஒரு போட்டோ. கழற்றும்போது பிளாஸ்டிக் பிளக்கை உள்ளேயே விட்டுவிட்டு மேலே பூசாதீர்கள், நாலு மாதத்தில் அது பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு திருகாணியைப் பாதி முறுக்கி, குறடால் பிடித்து இழுத்தால் பிளக்கும் கூடவே வந்துவிடும். துளையை ஈரப்படுத்தி, வெள்ளைச் சிமென்டை அடைத்து, காய்ந்ததும் பட்டி பார்த்துத் தேய்த்துவிட்டு பெயிண்ட் அடியுங்கள்.

பெயிண்டில்தான் தகராறு வரும். அதே கம்பெனி, அதே நம்பர் வாங்கி அடித்தாலும், மூன்று வருஷம் வெயிலில் வெளுத்த சுவரில் புது வட்டம் பளிச்சென்று தெரியும். துளையை மட்டும் தொட்டு அடிக்காமல், சன்ஷேடிலிருந்து கதவு நிலை வரை, மூலைக்கு மூலை அந்தத் துண்டுச் சுவர் முழுவதும் அடித்தால் வித்தியாசம் தெரியாது. சின்ன டப்பா ஒன்று தாராளமாகப் போதும். சாவியைக் கொடுக்கும் அன்று அடிக்காமல், ஒரு வாரம் முன்பே அடித்து ஓனரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். மெமரி கார்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஓனருக்கு Share கொடுத்திருந்தால் அதையும் நீக்குங்கள். கேமராவை அவரே வைத்துக்கொள்வதாகச் சொன்னால், விலை பேசியபின் செயலியில் உங்கள் கணக்கிலிருந்து அதை Remove செய்து, Reset பொத்தானை அழுத்திக் கொடுங்கள். உங்கள் கணக்கிலிருந்து நீக்காமல் விட்டால், பல மாடல்களில் அவரால் தன் போனில் சேர்க்கவே முடியாது. வேறு சில மாடல்களில் அடுத்துக் குடிவருபவர்களின் வாசல் உங்கள் போனில் தெரியவும் கூடும்.